புத்தகத் திரட்டு அறிவிப்பு: எதை வாங்குகிறோம், எங்கே, எந்த நாள் வரை

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நூலகம் தொடங்குகிறோம். வீடுகளிலிருந்து புத்தகம் திரட்ட அறிவிப்பு எழுத வேண்டும். எங்கே கொண்டுவந்து தரலாம், எந்தெந்த வகை எடுத்துக்கொள்வோம், கடைசி நாள் எது என்பதையெல்லாம் எப்படி எழுதினால் குழப்பம் வராது? ‘எல்லாப் புத்தகங்களும் வரவேற்கப்படும்’ என்று போட்டால் நிறைய வரும் என்கிறார் சங்கச் செயலாளர்.

பதில்:

நிறைய வரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். படித்த வீடுகளில் புத்தகத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. பழைய தேர்வு வழிகாட்டி, பாதித் தொகுதி காணாமல் போன கலைக்களஞ்சியம், எப்போதோ ஒரு கருத்தரங்கில் கொடுத்த மலர், எழுதி முடித்த பயிற்சி நூல் எல்லாம் பரண்மேல் காத்துக் கிடக்கும். அவற்றைக் கௌரவமாக வெளியே அனுப்ப ஒரு வழி கிடைத்ததென்று மூட்டை கட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. எல்லாம் வாங்குவோம் என்று சொன்னது நாம்தான். பிறகு அதைத் தூக்கி, பிரித்து, வேண்டாததை மறுபடியும் தூக்கிக்கொண்டுபோய் ஒழிக்கும் வேலை நான்கைந்து தன்னார்வலர்கள் தலையில் விழும்.

புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே, வீட்டிலேயே, கொடுப்பவர் சரியாகப் பிரித்துவிட வேண்டும். அறிவிப்பின் வேலை அதுதான். அந்தக் கண்ணோடு எழுதினால் வகை, இடம், நாள் மூன்றும் தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் அலமாரியை அளந்து பாருங்கள். எத்தனை புத்தகம் வேண்டும் என்று தெரியாமல் அறிவிப்பு எழுத முடியாது. 90 செ.மீ. அகலமுள்ள ஒரு தட்டில் கால்பங்கை வெறுமையாக விட்டு வைப்பது நல்லது. பிள்ளைகள் எடுத்து வைக்க இடம் வேண்டும். நெருக்கி அடுக்கினால் இழுக்கும்போது முதுகு கிழியும். மீதமுள்ள சுமார் 67 செ.மீ.யில், புத்தகம் சராசரியாக ஒரு செ.மீ. தடிமன் என்று வைத்தால், 65 புத்தகம் நிற்கும். ஐந்து தட்டுள்ள ஓர் அலமாரிக்கு 325, இரண்டு அலமாரிக்கு 650. உங்களிடம் இரண்டு அலமாரி இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்கள் தேவை 650 புத்தகம். வருவதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஏறக்குறைய 1,000 புத்தகம் வந்தால் போதும். இந்த எண்ணை அறிவிப்பிலும் போடுங்கள். ‘650 புத்தகம் தேவை’ என்று படிப்பவருக்கு, தன் வீட்டிலிருந்து போகும் பத்துப் புத்தகத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தெரியும். மூன்று சாக்கு நிறையக் கட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கவும் செய்வார்.

அடுத்தது வகை. அறிவிப்பு தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ‘நல்ல நிலையில் உள்ள புத்தகங்கள்’ என்று எழுதுவது வழக்கம். தன் புத்தகம் நல்ல நிலையில் இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. பத்து வருடம் கண்முன் இருந்த பொருளின் பழுது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நிலையைச் சொல்லாதீர்கள், செய்து பார்க்கும்படி ஒரு செயலைச் சொல்லுங்கள். ‘நடுவில் விரித்துப் பிடியுங்கள், தாள் கழன்று வந்தால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள்; புழுங்கல் வாடை வந்தால் வேண்டாம். கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள். விடை எழுதியிருந்தாலோ வண்ணம் தீட்டியிருந்தாலோ வேண்டாம்.’ இந்த மூன்றையும் ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடத்தில் யாரும் செய்துவிடலாம். புரட்டும்போது உள்ளே மறந்து வைத்த கடிதமும், புகைப்படமும், சில நேரம் பணமும் அவர்கள் கையிலேயே கிடைத்துவிடும். இல்லாவிட்டால் அதையெல்லாம் பிரிப்பவர்கள் எடுத்து வைத்து உரியவரைத் தேடி அலைய வேண்டும்.

முகர்ந்து பார்ப்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. புழுங்கல் வாடை வந்தால் பெரும்பாலும் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். முதுகுப் பக்கத் தையலிலும் அட்டையின் உள்விளிம்பிலும் சாம்பல் நிறத்திலோ பச்சையாகவோ பொடிபோலப் படிந்திருக்கும். சில நேரம் கண்ணுக்கே தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். மூடிய அட்டைப்பெட்டியில் காற்றோட்டம் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு புத்தகம் உள்ளே போனால் அதன் ஈரமும் வித்துகளும் பக்கத்துப் புத்தகங்களுக்குப் போகும். மூன்று வாரம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது அதே வாடை பாதிப் பெட்டியில் இருக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் நூலகத்துக்கு வரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பூச்சி வேறு. ராமபாணப் பூச்சிக்குத் தாளில் உள்ள மாவுச்சத்தும் அட்டை ஒட்டிய பசையும்தான் சாப்பாடு. அது தாளில் துளை போடுவதைவிட மேற்பரப்பைச் சுரண்டித் தின்பதே அதிகம். அட்டையின் பளபளப்பு ஒழுங்கில்லாத திட்டுத் திட்டாகப் போயிருக்கும், மிளகுத்தூள் போன்ற கருப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். கரையான் என்றால் மண் ஒட்டியிருக்கும், அதைத் தவறவிட மாட்டோம். இவற்றையெல்லாம் அறிவிப்பில் எழுத வேண்டியதில்லை. ‘பூச்சி அரித்தது, நனைந்து காய்ந்தது வேண்டாம்’ என்ற ஒரே வரி போதும். ஆனால் பிரிக்க உட்காரும் தன்னார்வலர்களுக்கு இந்த அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நிலைக்கு அடுத்து வயது வருகிறது. கதைப் புத்தகத்துக்கு வயதாவதில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய கதையும் தாள் உறுதியாக இருந்தால் பிள்ளைகள் படிப்பார்கள். தகவல் நூல் அப்படியில்லை. அறிவியல், நிலவரைபடம், கணினி, உடல்நலம் இவற்றில் பழைய புத்தகம் பிள்ளைக்குத் தவறான செய்தியைச் சொல்லிக்கொடுக்கும். ‘பழைய அறிவியல் நூல்கள் வேண்டாம்’ என்றால் எது பழையது என்று கேட்பார்கள். அதற்கும் கையிலெடுத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறது. வானியல் நூலைத் திறந்து கோள்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது என்று இருந்தால் அது 2006-க்கு முன் எழுதப்பட்டது, அல்லது அதற்குப் பிறகு திருத்தப்படாதது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. உலக வரைபட நூல் என்றால் ஆப்பிரிக்காப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தெற்கு சூடான் 2011 ஜூலையில் தனி நாடானது. சூடான் ஒரே நாடாக இருக்கிற வரைபடம் அதற்கு முந்தையது.

இன்னொரு சோதனை எல்லாத் தகவல் நூலுக்கும் பொருந்தும். பின்னட்டையிலோ பதிப்பு விவரப் பக்கத்திலோ உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணை எண்ணிப் பாருங்கள். 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கமானது. அதற்கு முன் 10. பத்து இலக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பதிப்பு பெரும்பாலும் 2007-க்கு முந்தையது. எண்ணே இல்லாத சிறு பதிப்பக நூல்களும் நிறைய உண்டு. அவற்றுக்குப் பதிப்பாண்டைப் பார்த்தால் போதும். ஆனால் ஒன்று: இந்த எண் சோதனையைக் கதை நூல்களுக்குச் செய்துவிடாதீர்கள். நல்ல பழைய கதைத் தொகுப்புகள் எல்லாம் வெளியே போய்விடும். அறிவிப்பில் ‘தகவல் நூல்களுக்கு மட்டும்’ என்று தெளிவாக இருக்க வேண்டும்.

பாடப்புத்தகம், தேர்வு வழிகாட்டி, வினாவங்கி இவற்றை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. பாடத்திட்டம் மாறினால் வழிகாட்டி பயன்படாது. மாறவில்லையென்றாலும் அது தேவைப்படுகிறவருக்கு நேரடியாகப் போய்ச்சேர வேண்டிய பொருள், அலமாரியில் நிற்க வேண்டியதல்ல. அதே குடியிருப்பில் அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுக்க ஒரு தனி ஏற்பாடு செய்யலாம். இந்தத் திரட்டோடு கலக்க வேண்டாம். வார மாத இதழ்களும் வேண்டாம். சிறுவர் இதழ்களின் ஆண்டுத் தொகுப்பை யாராவது கட்டி வைத்திருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. சமயப் பிரச்சார நூல், கட்சி வெளியீடு பற்றிய முடிவை முன்கூட்டியே குழுவில் பேசி எடுத்து, அறிவிப்பில் மற்ற வேண்டாத வகைகளோடு வரிசையில் ஒன்றாகப் போட்டுவிடுங்கள். புத்தகத்தைக் கொண்டுவந்து நிற்பவரிடம் வாசலில் வைத்துச் சொன்னால் அது அவரை மறுத்ததுபோல ஆகிவிடும். தாளில் முன்பே இருந்தால் யாரையும் குறித்ததாக இருக்காது.

எந்தெந்த மொழி என்பதையும் சொல்லிவிடுங்கள். இது பலர் விட்டுவிடும் வரி. உங்கள் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் படிப்பார்கள் என்றால் அந்த இரண்டையும் எழுதி, எது அதிகம் தேவை என்பதையும் எழுதுங்கள். சொல்லாவிட்டால் ஆங்கிலப் படப்புத்தகங்களே குவியும். கைக்குழந்தைகள் இருந்த வீடுகளில் அவை மிச்சமாகிக் கிடக்கும்.

இனி இடம். பெட்டி வைக்க ஒரு மூலை கிடைத்தால் அது ஒப்படைக்கும் இடமாகிவிடாது. கூரை, திறந்திருக்கும் நேரம், பொறுப்பான ஓர் ஆள், எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு, இந்த நான்கும் இருக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால் முதல் வாரத்திலேயே அது பழைய துணியும் உடைந்த பொம்மையும் போடும் இடமாகிவிடும். வெளிவாசலில் வைத்தால் ஒரு மழை போதும்.

கொள்ளளவைக் கணக்கிட ஒரு சுலபமான வழி சொல்கிறேன். நகலெடுக்கும் ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டி எல்லா அலுவலகத்திலும் காலியாகக் கிடைக்கும். 500 தாள் கொண்ட ஒரு கட்டு சுமார் இரண்டரைக் கிலோ. ஐந்து கட்டு கொள்ளும் பெட்டி பன்னிரண்டரைக் கிலோவைத் தாங்கும்படி செய்யப்பட்டது. ஏ4-இல் பாதி அளவுள்ள, 200 பக்கக் கதைப் புத்தகம் ஏறக்குறைய 250 கிராம் இருக்கும். அந்தப் பெட்டியில் இரண்டு வரிசையாக அடுக்கினால் சுமார் 40 புத்தகம் பிடிக்கும். எடை பத்துக் கிலோவைச் சுற்றி வரும். ஒருவர் முதுகு வலிக்காமல் தூக்கக்கூடிய எடை. தொலைக்காட்சியோ குளிர்சாதனப் பெட்டியோ வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதை நிறைத்தால் யாராலும் நகர்த்த முடியாது, தூக்கினால் அடி கழன்று கொட்டும்.

இப்போது 1,000 புத்தகத்தை 40-ஆல் வகுத்தால் 25 பெட்டி. படப்புத்தகங்கள் அகலமானவை, அந்த அளவுக்குள் அடங்காது. அதனால் 30 பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்கள் என்றால் ஓர் இடத்துக்குப் பத்துப் பெட்டி. எந்த இடத்திலும் பத்துப் பெட்டியை மூன்று வாரம் அடுக்கிவைக்க விடமாட்டார்கள். எனவே ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் மூன்று பெட்டி மட்டும் இருக்கும், வாரம் இரண்டுமுறை நிறைந்ததை எடுத்து வெறும்பெட்டி வைப்போம் என்று இடம் தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன நாளில் போய் எடுக்கவும் வேண்டும். ஒருமுறை தவறினால் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் பைகள் குவியும், அடுத்த முறை அவர் இடம் தரமாட்டார். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேலோ பலகைமேலோ வைத்தால் துடைக்கும் தண்ணீர் அட்டையில் ஏறாது.

மூன்று இடங்களும் ஒரே நேரத்தில் திறந்திருப்பவையாக இருந்தால் மூன்று இருந்தும் ஒன்றுபோலத்தான். சங்க அலுவலகம் பத்திலிருந்து ஐந்து மணி, பள்ளி அலுவலகம் ஒன்பதிலிருந்து நான்கு என்றால் வேலைக்குப் போகிறவர் எப்போது வருவார்? ஓரிடமாவது மாலையில், ஓரிடமாவது விடுமுறை நாளில் திறந்திருக்க வேண்டும். அறிவிப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் எந்த வாசல், எந்த மேசை என்பதுவரை எழுதுங்கள். ‘பள்ளியில் ஒப்படைக்கலாம்’ என்றால் வருகிறவர் காவலரிடம் கேட்பார், அவருக்குத் தெரிந்திருக்காது, பை காவலர் அறையிலேயே கிடக்கும்.

ஒரு வீட்டிலிருந்து ஒரு முறைக்கு இரண்டு பை என்று வரம்பு வையுங்கள். வீட்டு நூலகத்தையே காலி செய்கிறவர்கள் முன்கூட்டியே பேசட்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இருவர் நேரில் போய், வேண்டியதை மட்டும் அங்கேயே எடுத்துக்கொண்டு வருவதுதான் இரு தரப்புக்கும் நல்லது. அழைப்பதற்குத் தனிப்பட்ட ஒருவரின் எண்ணைப் போடாமல், சங்கத்தின் பொது எண்ணைப் போடுங்கள். அறிவிப்பு எங்கெங்கோ பரவும், வருடக்கணக்கில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

கடைசி நாளுக்கு வருகிறேன். அதைத் திறப்பு விழாவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு புத்தகத்தை விரித்து, முகர்ந்து, புரட்டி, வயதுப் பிரிவில் வைக்க ஒரு நிமிடம் ஆகும் என்றால் ஒருவர் மணிக்கு 60 பார்ப்பார். 1,000 புத்தகத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். நான்கு பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கேகால் மணி நேரம்; இடைவேளை, தூக்குவது வைப்பது எல்லாம் சேர்த்து ஒரு முழு நாள். அதன்பிறகு முத்திரை, எண், பதிவேடு, துடைப்பது, கிழிந்த அட்டை ஒட்டுவது என்று இரண்டு வார வேலை இருக்கிறது. திறப்பு விழா ஏப்ரல் 5 என்றால் பிரிக்கும் நாள் மார்ச் 21-ஐத் தாண்டக் கூடாது. ஒப்படைக்கும் கடைசி நாள் அதற்கு முந்தைய ஞாயிறு, மார்ச் 15. நடுவில் ஒரு வாரம் எதற்கு என்றால், மூன்று இடங்களிலிருந்தும் பெட்டிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவரவும், வாடையடிக்கும் பெட்டியைத் தனியாக எடுத்து வைக்கவும்.

தேதியை எழுதும்போது ஆண்டு, கிழமை, மணி மூன்றும் இருக்கட்டும். ‘மார்ச் 15 வரை’ என்று மட்டும் போட்டால் பதினைந்தாம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பையோடு வந்து பூட்டின கதவுமுன் ஒருவர் நிற்பார். ஆண்டு இல்லாத அறிவிப்பு அடுத்த மார்ச்சில் யாரோ ஒருவர் கையிலிருந்து மறுபடியும் கிளம்பும். அறிவிப்பைப் படமாகச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். தேதி படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்; கீழே தட்டச்சு செய்த குறிப்பு இரண்டாவது ஆளிடம் போவதற்குள் கழன்றுவிடும். படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் தனியே அனுப்புங்கள். கண் மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள்.

கால அளவு மூன்று வாரம் போதும், அதில் நான்கு வார இறுதி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீளமாக வைத்தால் ‘இன்னும் நாளிருக்கிறது’ என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். எப்படி வைத்தாலும் கடைசி நான்கு நாளில்தான் பெருங்கூட்டம். அந்த நாட்களுக்குக் கூடுதல் வெறும்பெட்டியும், வாரம் இரண்டுக்குப் பதிலாகத் தினமும் எடுக்க ஆளும் தயாராக இருக்கட்டும். குறைவாக வந்தால்கூடத் தேதியை நீட்டாதீர்கள். பிரிக்க நாள் ஒதுக்கிய நால்வருக்கும் மறுபடியும் ஒரே நாள் அமைவது கடினம். ஒருமுறை நீட்டிய குழு அடுத்தமுறை சொல்லும் தேதியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

குறைவைச் சரிசெய்ய நடுவழியில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். இரண்டாவது வார இறுதியில் வந்த பெட்டிகளைத் திறந்து, வயதுவாரியாக எண்ணிப் பாருங்கள். படப்புத்தகம் 200 வந்திருக்கும், 10 முதல் 14 வயதுக்கான தமிழ்க் கதைகள் 30-தான் இருக்கும். உடனே இரண்டாவது அறிவிப்பு போடுங்கள்: ‘படப்புத்தகங்கள் போதுமான அளவு வந்துவிட்டன, நன்றி. இனி 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கும் தமிழ்க் கதைகள், பயணக் கட்டுரைகள், வாழ்க்கை வரலாறுகள் மட்டும் தேவை. கடைசி நாளில் மாற்றமில்லை.’ என் பார்வையில் முதல் அறிவிப்பைவிட இதற்கே பலன் அதிகம். தேவை இன்னதென்று குறிப்பாகத் தெரிந்ததும், முதலில் பரணைக் காலி செய்யப் பார்த்தவர்கூட அலமாரியிலிருந்து ஒரு நல்ல நூலை எடுத்துக் கொடுப்பார்.

இவ்வளவையும் சேர்த்தால் உங்கள் அறிவிப்பு இப்படி இருக்கலாம். இடப்பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிறுவர் நூலகத்துக்கு 650 புத்தகங்கள் தேவை
ஒப்படைக்கும் காலம்: 2026 பிப்ரவரி 21, சனி முதல் மார்ச் 15, ஞாயிறு மாலை 6 மணி வரை. அதன்பிறகு வாங்க இயலாது.

வேண்டியவை: 6 முதல் 14 வயதினர் படிக்கும் கதை, பாடல், படக்கதை, வாழ்க்கை வரலாறு; 2007-க்குப் பின் வெளியான அறிவியல், பொது அறிவு நூல்கள்; சிறுவர் அகராதி. தமிழ், ஆங்கிலம். தமிழ் நூல்கள் அதிகம் தேவை.

வேண்டாதவை: பாடநூல், தேர்வு வழிகாட்டி, எழுதிய பயிற்சி நூல், வார மாத இதழ், கலைக்களஞ்சியத்தின் தனித் தொகுதி, சமய, கட்சிப் பிரச்சார வெளியீடு, குறுந்தகடு.

கொடுக்கும் முன்: நடுவில் விரித்துப் பாருங்கள், தாள் கழலக் கூடாது. முகர்ந்து பாருங்கள், புழுங்கல் வாடை கூடாது. கடைசிவரை புரட்டுங்கள், உள்ளே உங்கள் தாள்கள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி அரித்தது, நனைந்து காய்ந்தது வேண்டாம்.

ஒப்படைக்கும் இடங்கள்:
சங்க அலுவலகம், தரைத்தளம், நுழைந்ததும் இடதுபுற மேசை: திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 8 வரை.
பள்ளி அலுவலகம், பின்வாசல் வழி: பள்ளி நாட்களில் காலை 9 முதல் மாலை 4 வரை.
சமுதாயக்கூடம், முன்னறை: சனி, ஞாயிறு காலை 10 முதல் மாலை 6 வரை.

ஒரு முறைக்கு இரண்டு பை. அதற்கு மேல் இருந்தால் முதலில் சங்க எண்ணில் அழையுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். நூலகத்துக்குப் பொருந்தாத நூல்கள் வேறு அமைப்புக்கு அளிக்கப்படும். அதற்கும் ஆகாதவை மறுசுழற்சிக்குப் போகும். கொடுத்த நூலைத் திரும்பப் பெற இயலாது.

கடைசி மூன்று வாக்கியத்தையும் சேர்க்கத் தயங்குவார்கள். கொடுப்பவர் மனம் புண்படுமே என்று. அது இல்லாவிட்டால்தான் பிரச்சினை. தன் பெயர் எழுதிய புத்தகத்தைப் பழைய காகிதக் கட்டில் பார்ப்பவருக்கு வரும் வருத்தம் மிகப் பெரியது. முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவருக்கு உண்மையில் அருமையான புத்தகத்தை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்; அதுவும் சரிதான். சமுதாயக்கூடத்தை வார இறுதிக்கு வைத்ததால் கடைசி நாளான ஞாயிறன்று அது ஒன்று மட்டுமே திறந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். அன்று இருவர் அங்கே இருக்க வேண்டும்.

இந்தத் தாளையே ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒட்டுங்கள். இடம் தருபவர் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வழிகாட்டி நூலோடு யாராவது வந்தால் தாளைக் காட்டி, ‘இது இந்தத் திரட்டில் இல்லைங்க’ என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் தாள் பேசினால் சுமை குறையும்.

மார்ச் 15 மாலை ஆறு மணிக்குப் பெட்டிகளை அன்றே மூன்று இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். வெள்ளியோடும் சனியோடும் வேலை முடிந்த இடங்களை அப்போதே காலி செய்தாலும் நல்லது. பெட்டி இருந்த இடத்தில் ‘திரட்டு முடிந்தது’ என்ற தாளை இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள், ஏனென்றால் பழைய படத்தைப் பார்த்துவிட்டு மறுவாரமும் சிலர் வருவார்கள். வாட்ஸ்அப்பில் பழைய படத்தின்மேலேயே அதே வார்த்தையைக் குறுக்கே எழுதி, போட்ட குழுக்கள் அனைத்திலும் போடுங்கள். பிரித்து முடித்ததும் மூன்று எண்களை அறிவியுங்கள்: மொத்தம் வந்தவை எத்தனை, அலமாரிக்குப் போனவை எத்தனை, வேறு இடத்துக்கும் காகிதத்துக்கும் போனவை எத்தனை. மூன்றாவது எண்ணை மறைக்க வேண்டாம். அடுத்த திரட்டுக்கு ‘வேண்டாதவை’ வரியில் எதைச் சேர்ப்பது என்று அதுதான் சொல்லும்.